பெரியவர்களின் யாத்திரைத் திட்டத்தில் நடை, சாப்பாடு, ஓய்வை எப்படி எழுதுவது?

கேள்வி: "எங்கள் குடியிருப்பில் 24 பெரியவர்கள் சேர்ந்து மாசி மாதம் மதுரை, ராமேஸ்வரம் போகிறார்கள். வயது 65 முதல் 82 வரை. சென்னையிலிருந்து இரவு ரயில், அங்கே தனிப் பேருந்து, மொத்தம் நான்கு நாள். நாள்வாரியாகத் திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம். எவ்வளவு நடக்கணும், எப்போ சாப்பாடு, எப்போ ஓய்வு என்று எல்லாருக்கும் தெளிவாகப் புரியும்படி எப்படி எழுதுவது? போன தடவை 'சிறிது நடை' என்று போட்டிருந்தார்கள், பாதிப் பேர் திணறிவிட்டார்கள்."

திணறியதற்குக் காரணம் அந்த 'சிறிது' என்ற சொல்தான். பயணத் திட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டுநருக்கும் விடுதிக்காரருக்கும் எழுதுவதுபோல எழுதிவிடுகிறார்கள். உங்கள் தாளைப் படிக்கப் போவது 78 வயது அம்மா ஒருவர். முந்தின நாள் ராத்திரி அதைப் பார்த்து, "நாளைக்குக் காலை நான் வருகிறேன், மத்தியானம் அறையிலேயே இருந்துவிடுகிறேன்" என்று அவரே முடிவு செய்யணும். அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் தாளில் இல்லையென்றால் அவர் இரண்டில் ஒன்றுதான் செய்வார்: பயந்துகொண்டு எதற்கும் வராமல் இருப்பார், அல்லது கூச்சப்பட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் வந்து மூன்றாவது நாள் படுத்துவிடுவார். பல வருடங்களாகப் பெரியவர்களைக் கோயில்களுக்கு அழைத்துப் போகும் வேலை எனக்கு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை பற்றிச் சொல்லும் இடங்களில் அவரவர் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

முதலில் நடை. மீட்டர் கணக்கு மட்டும் போட்டால் பலருக்குப் பிடிபடாது, நிமிடக் கணக்கு மட்டும் போட்டால் அது யாருடைய நிமிடம் என்ற கேள்வி வரும். சாதாரணமாக ஒரு கிலோமீட்டரைப் பன்னிரண்டு, பதிமூன்று நிமிடத்தில் நடந்துவிடலாம். இந்த வயதுக் குழு கடைசி ஆளின் வேகத்தில் நகரும்போது அதே தூரத்துக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: "பேருந்திலிருந்து கோபுர வாசல் வரை 500 மீட்டர். மெதுவாக நடந்தால் 12 நிமிடம். வழியில் உட்கார ஒரு இடம் உண்டு." படி இருந்தால் எண்ணிக்கை, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா இல்லையா, இரண்டும் வரணும். முழங்கால் வலிக்காரருக்குப் பத்துப் படி பிரச்சினை இல்லை. கம்பி இல்லாத நான்கு உயரமான படிதான் பிரச்சினை.

நடப்பதைவிடக் கஷ்டமானது நிற்பது. திட்டம் எழுதுகிறவர்கள் இதை அநேகமாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்துவிடும் ஒருவர், வரிசையில் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் தலை சுற்றி உட்கார்ந்துவிடலாம். நிற்கும்போது ரத்தம் காலில் தங்கிவிடுகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அதனால் 'நடை' என்றும் 'நிற்பது' என்றும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவதாகத் தரையையும் சொல்லுங்கள். கோயிலில் செருப்பு கிடையாது. வெயிலில் காய்ந்த கருங்கல்லில், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். "வெளிப் பிராகாரம், திறந்த வெளி, காலை பத்தரைக்கு மேல் தரை சுடும்" என்று ஒரு வரி போட்டால் போதும், அந்த நேரத்தில் அங்கே போகாமல் இருந்துகொள்வார்கள்.

உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தொனியில் எழுதாதீர்கள். தூரம், படி, விடுதியில் மின்தூக்கி உண்டா, அறையில் மேற்கத்தியக் கழிப்பறை உண்டா என்பதெல்லாம் நீங்கள் முன்கூட்டியே பார்த்தோ கேட்டோ உறுதி செய்யக்கூடியவை. வரிசை எவ்வளவு நீளும் என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. அங்கே "தரிசனம் 45 நிமிடம்" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், மற்ற வரிகளையும் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "வரிசை அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். 40 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாதவர்கள் வரிசையில் சேர வேண்டாம்; மண்டபத்தில் உட்கார்ந்திருங்கள், நம் ஆள் ஒருவர் உங்களுடன் இருப்பார்." உட்கார்ந்திருப்பதும் திட்டத்தின் ஒரு பகுதிதான் என்று அச்சிலேயே இருந்தால் யாருக்கும் அது தோல்வியாகத் தோன்றாது.

சாப்பாட்டுக்கு ஒரே விதி: கடிகார நேரம். "தரிசனம் முடிந்ததும் காலை உணவு" என்ற வாக்கியம் உங்கள் தாளில் எங்கும் வரக்கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சிலர், வழக்கமான நேரத்துக்கு மருந்தை எடுத்துவிட்டுத் தரிசனம் முடியட்டும் என்று காத்திருப்பார்கள். வரிசை நீளும். சர்க்கரை இறங்கும். கை நடுக்கம், திடீர் வியர்வை, சம்பந்தமில்லாமல் எரிச்சலாகப் பேசுவது, பதில் சொல்லத் தடுமாறுவது எல்லாம் அதன் அறிகுறி. கூட இருப்பவர்கள் அதை அசதி என்று நினைத்துவிடுவார்கள். அதனால் நேரத்தைப் போட்டு, "தரிசனம் முடியாவிட்டாலும் இந்த நேரத்துக்குச் சாப்பாடு உண்டு" என்று எழுதுங்கள். உடன் வரும் உதவியாளர் பையில் குளுக்கோஸ் பொடியும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கணும். சுயநினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது; உடனே 108-ஐக் கூப்பிடணும்.

தண்ணீர் விஷயமும் இதோடு சேர்ந்தது. வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் பெரியவர்கள், அதிலும் பெண்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். நீர் பிரியும் மாத்திரையை அன்றைக்கு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று எழுதி இதை மாற்ற முடியாது. ஒவ்வொரு கழிப்பறை நிறுத்தத்தையும் நேரத்தோடு எழுதினால் மாறும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24 பேருக்கு ஒரு நிறுத்தம் என்றால் பத்து நிமிடம் போதாது, 25 நிமிடம் வேண்டும்.

ஓய்வு என்பதை இரண்டாகப் பிரியுங்கள்: உட்காரும் ஓய்வு, படுக்கும் ஓய்வு. பேருந்தில் போகும் நேரத்தை ஓய்வு என்று கணக்குப் பண்ணுவது பெரிய தவறு. காலைத் தொங்கப் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கும், அது ஓய்வே இல்லை. ஒவ்வொரு நாளும் மதியம் கட்டிலில் கால் நீட்டிப் படுக்க இரண்டு மணி நேரம் வேண்டும். கோயில்கள் மதியம் நடை சாத்துவது உங்களுக்கு வசதி. அந்த நேரத்தை இன்னொரு ஊர் பார்க்கச் செலவழிக்காதீர்கள். நான் திட்டம் எழுதும்போது முதலில் நான்கு நாளின் சாப்பாட்டு நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் போட்டுவிடுவேன். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் கோயில் வரும். வரிசையை மாற்றிக் கோயிலை முதலில் போட்டால் ஓய்வுக்கு இடமே மிஞ்சாது.

சரி, இதை உங்கள் நான்கு நாளுக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு நாளில் திருப்பரங்குன்றம், அழகர்கோவில், உத்தரகோசமங்கை, தேவிபட்டினம் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். எல்லாம் போகிற வழியிலும் பக்கத்திலும்தான் இருக்கின்றன, அதுதான் ஆபத்து. ஒவ்வொன்றும் பேருந்திலிருந்து இறங்கி, செருப்பு விட்டு, நின்று, திரும்ப ஏறுவது. இந்த வயதில் அசதி தூரத்தால் வருவதைவிட ஏறி இறங்குவதால் வருவது அதிகம். மதுரை, திருப்புல்லாணி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, இதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. தேதி முடிவு செய்யும் முன் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். அமாவாசையிலும் மகா சிவராத்திரியிலும் ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரியும். மாசியில் இரண்டுமே வரும்.

முதல் நாள் உண்மையில் ரயிலில் ஆரம்பிக்கிறது. ராத்திரி தூக்கம் எப்படி இருந்தது என்பதுதான் அன்றைய நாளைத் தீர்மானிக்கும், அதனால் கீழ்ப் படுக்கை முக்கியம். ரயில்வேயில் மூத்தவர்களுக்கான கீழ்ப் படுக்கைக் கோட்டாவில் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் வருவார்கள். ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட்டால் அந்தக் கோட்டாவில் வராது. 24 பேரையும் கும்பலாகப் பதிவு செய்யாமல் இரண்டிரண்டு பேராகப் பதிவு செய்யுங்கள். ரயில் விடியற்காலையில் மதுரை போய்ச் சேரும். விடுதி அறை மதியம் பன்னிரண்டுக்குத்தான் தருவோம் என்றால் அதுவரை பெரியவர்கள் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அறையைக் காலையிலிருந்தே எடுத்துவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எங்காவது குறைக்கலாம், இங்கே வேண்டாம்.

அன்றைக்குத் தாளில் இப்படி இருக்கலாம்: "காலை 6.30 அறை. காப்பி அறைக்கே வரும். 8.30 காலை உணவு, விடுதியிலேயே, தரைத்தளம். மதியம் வரை வெளியே எதுவும் இல்லை. 12.30 சாப்பாடு. 1.30 முதல் 3.30 வரை படுக்கும் ஓய்வு. யாரும் கதவைத் தட்ட மாட்டோம். 4.00 தேநீர். 4.30 மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் புறப்பாடு." காலையில் எதுவும் வைக்காததைப் பார்த்து ஆர்வமானவர்கள் சிலர் குறைபடுவார்கள். ரயிலில் சரியாகத் தூங்காத உடம்பை அன்று காலையிலேயே நடக்க வைத்தால் அதன் விலை மூன்றாம் நாள்தான் தெரியும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு மாலைதான் சரி, கல் ஆறத் தொடங்கியிருக்கும். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி போகாது என்பதை மறக்காமல் எழுதுங்கள். பேருந்து எங்கே இறக்கிவிடும், அங்கிருந்து வாசல் வரை எவ்வளவு தூரம் என்பதை ஓட்டுநரிடமும் விடுதியிலும் கேட்டு மீட்டரில் போடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி ஏற்பாட்டைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். இதற்கு ஒரு விளைவு உண்டு: உள்ளே ஒருவர் வழி தவறினால் கூப்பிட முடியாது. அதனால் "வழி தவறினால் பொற்றாமரைக் குளத்தின் ஓரம் உட்காருங்கள், நாங்கள் வந்து அழைத்துப் போவோம்" என்று ஒரே ஓர் இடத்தை அச்சில் போடுங்கள். கோயிலுக்குள் யாரைக் கேட்டாலும் குளத்துக்கு வழி காட்டுவார்கள். ஒவ்வொருவர் பையிலும் விடுதியின் பெயரும் உதவியாளர் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கணும். அம்மன் சன்னதி, சுவாமி சன்னதி இரண்டுக்கும் நின்று போக முடியாதவர்கள் அம்மனை மட்டும் தரிசித்துவிட்டு உட்காரலாம் என்றும் எழுதுங்கள். "7.15 எல்லாரும் வாசலில். 8.00 இரவு உணவு" என்று முடியுங்கள். 8.00 மணிச் சாப்பாட்டுக்குத் தரிசனம் முடியாதவர்களும் வந்துவிடணும்.

இரண்டாம் நாள் பயண நாள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரில் போகும் இளவட்டம் மூன்றரை மணி நேரத்தில் போய்விடும், அந்தக் கணக்கு உங்களுக்கு ஆகாது. இங்கே இரண்டு நேரங்களைத் தனியாக எழுதுவது என் வழக்கம்: "7.15 பேருந்தில் ஏறத் தொடங்குகிறோம். 7.30 பேருந்து நகரும்." 24 பெரியவர்கள் ஏறி உட்காரக் கால் மணி நேரம் ஆகும். பேருந்தின் முதல் படி மிக உயரம். கீழே வைக்க உறுதியான முக்காலி ஒன்று கொண்டு போங்கள். 6.30-க்குக் காலை உணவு. மானாமதுரையில் ஒன்று, பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு கழிப்பறை நிறுத்தம். கழிப்பறை சுத்தமாக இருக்கும் பெட்ரோல் பங்க் அல்லது உணவகம் எது என்று ஓட்டுநரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

திருப்புல்லாணி ராமநாதபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தெற்கே. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, தர்ப்பைமேல் சயனித்த ராமர் சன்னதி உள்ள தலம். பதினொரு மணிக்குச் சேர்ந்தால் நடை சாத்தும் முன் நிதானமாகத் தரிசிக்கலாம். ஆனால் வழியில் தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்: "11.30-க்குள் திருப்புல்லாணி போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சாப்பாட்டுக்குப் போகிறோம்." இது தாளில் இல்லையென்றால் பேருந்துக்குள் வாக்குவாதம் வரும்; நாலு பேர் வேண்டுமென்பார்கள், நாலு பேர் வேண்டாமென்பார்கள், நடுவில் சாப்பாட்டு நேரம் தப்பிவிடும். 12.30-க்கு ராமநாதபுரத்தில் சாப்பாடு. 1.30-க்குக் கிளம்பினால் பாம்பன் பாலம் தாண்டி மூன்று மணிக்கு ராமேஸ்வரம் அறையில் இருப்பார்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை படுக்கும் ஓய்வு. அன்று மதியம் சாப்பிட்ட உடனே படுக்க முடியாது என்பதைத் தாளிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்றபடி ஒரு தலையணை எடுத்து வருவார்கள். மாலையில் எதுவும் வைக்க வேண்டாம். விருப்பப்பட்டவர்கள் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். 7.30-க்கு இரவு உணவு, 9.00 மணிக்கு விளக்கணைப்பு. காரணம் மறுநாள்.

மூன்றாம் நாள் தீர்த்தமாடும் நாள். உங்கள் தாளில் அதிகக் கவனத்தோடு எழுத வேண்டிய பக்கம் இதுதான். முதலில் கோயிலுக்குக் கிழக்கே கடலில் அக்னி தீர்த்தம். அப்புறம் கோயிலுக்குள்ளே இருக்கும் 22 தீர்த்தங்கள். ஒவ்வொன்றிலும் கிணற்றுத் தண்ணீரை வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். இதில் ஊர் தெரியாதவர்கள் மூன்று விஷயங்களை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்று, 22 தீர்த்தமும் ஒரே இடத்தில் இல்லை. ஈர உடையோடு பிராகாரத்தில் ஒவ்வொன்றாகத் தேடி நடக்கணும். வெளிப் பிராகாரம் ஒரு சுற்றே 600 மீட்டருக்கு மேல். இரண்டு, ஆயிரக்கணக்கானவர்கள் சொட்டச் சொட்ட நடப்பதால் கல் தரை வழுக்கும், அதுவும் எல்லாரும் வெறுங்காலில். மூன்று, ஈர உடையோடு மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள். முடிந்ததும் உடை மாற்றிவிட்டுத்தான் வரிசைக்குப் போகணும். இந்த மூன்றும் தெரிந்தால்தான் ஒருவர் முடிவெடுக்க முடியும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "அக்னி தீர்த்தம்: அலை அமைதியாக இருந்தால் கணுக்கால் ஆழம் வரை மட்டும், கைபிடித்து. இறங்க வேண்டாம் என்பவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வந்து தெளிக்கிறோம். 22 தீர்த்தம்: ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். முழு நேரமும் ஈர உடை. தரை வழுக்கும். உட்கார இடம் குறைவு. தலையில் பல முறை குளிர்ந்த தண்ணீர் விழும். போகிறவர்கள் இருவர் இருவராகக் கைகோர்த்துப் போகணும், தனியாகப் போகக் கூடாது. இதய நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், போன ஆறு மாதத்தில் விழுந்தவர்கள், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதற்குப் பெயர் கொடுக்க வேண்டாம். பெயர் கொடுக்காதவர்கள் 8.00 மணிக்குக் கிளம்பி நேராகத் தரிசனத்துக்குப் போகிறார்கள்." இப்படி இரண்டு குழு, இரண்டு நேரம், இரண்டு உதவியாளர். இரண்டாவது குழுவில் இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சுவாமியைத் தரிசிக்கத்தான் வந்தார்கள், அது அவர்களுக்கும் நடக்கும்.

இந்த நாளில்தான் வெறும் வயிறு என்ற கேள்வி வரும். தீர்த்தமாடி, தரிசனம் முடித்த பிறகுதான் பச்சைத் தண்ணீரே வாயில் படும் என்று விரதம் வைத்திருப்பவர்கள் குழுவில் கட்டாயம் இருப்பார்கள். அது அவர்கள் நம்பிக்கை, அதில் நீங்கள் தலையிட வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் விரதமும் இருந்து மருந்தும் எடுக்கக் கூடாது, மருந்தை அவராகவே நிறுத்தவும் கூடாது. கிளம்புவதற்குப் பத்து நாளைக்கு முன்னாலேயே அவரை மருத்துவரிடம் அனுப்பி, "ஒரு நாள் காலை பத்து மணி வரை சாப்பிடாமல் இருந்தால் நான் மருந்தை எப்படி எடுப்பது, அப்படி இருக்கவே கூடாதா?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கூடாது என்றால் 5.15-க்கு அவருக்கு இட்லியோ பாலும் ரொட்டியுமோ தயாராக இருக்கணும். தாளில் "5.15: மருந்து எடுப்பவர்களுக்குச் சிற்றுண்டி" என்று பொதுவாகவே எழுதுங்கள். யார் பெயரையும் போடாதீர்கள். சாப்பிட உட்கார்ந்தால் விரதம் விட்டவர் என்று மற்றவர்கள் பார்ப்பார்களோ என்ற கூச்சத்துக்கு இடம் வேண்டாம்.

மற்ற நேரங்கள் எளிது. 5.45 கடற்கரை, 6.30-லிருந்து தீர்த்தங்கள், 8.30 சுமாருக்கு உடை மாற்றுதல். ஒவ்வொருவரும் உலர்ந்த உடை, துண்டு, அன்றைய மாத்திரை மூன்றையும் ஒரு நெகிழிப் பையில் போட்டு உதவியாளரிடம் கொடுத்துவிடணும். விடுதி பக்கத்தில் இருந்தால் அங்கே போய் மாற்றிவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது. நடுக்கமோ உதடு நீலமோ தெரிந்தால் அங்கேயே சூடாக ஏதாவது கொடுத்துப் படுக்க வைத்துவிடுங்கள், தரிசனத்துக்கு மாலையிலும் நடை திறந்திருக்கும். 10.00 மணிக்குக் காலை உணவு, வரிசை முடிந்தாலும் முடியாவிட்டாலும். அதன் பிறகு நான்கு மணி வரை திட்டத்தில் சாப்பாட்டைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. "1.00 சாப்பாடு. 1.45 முதல் 4.00 வரை படுக்கும் ஓய்வு." மாலை 4.30-க்குக் காலையில் தரிசிக்க முடியாதவர்களுக்கு மட்டும் கோயில். மற்றவர்கள் தூண்களுக்கு நடுவே பிராகாரத்தை நிதானமாகப் பார்க்க விரும்பினால் கூட வரலாம். கூரை போட்ட இடம், உலர்ந்த உடை, அவசரமில்லை. காலையில் அந்தப் பிராகாரத்தைக் கண் திறந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நடை குறைவு, ஆனால் நிழல் இல்லை, காற்று பலமாக அடிக்கும், சாலையை விட்டு இறங்கினால் மணல். மணலில் நடப்பது தரையில் நடப்பதைவிட முழங்காலுக்கு அதிக வேலை. "சாலையிலிருந்தே கடல் தெரியும். மணலில் இறங்குவது உங்கள் விருப்பம். கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் பலம். மொத்தம் 30 நிமிடம்" என்று எழுதுங்கள். 6.30-க்கு உணவு, 7.15 ஏறுவது, வழியில் கோதண்டராமர் கோயில், 10.15-க்குள் அறை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. உங்கள் குழுவில் எழுபதைத் தாண்டியவர்கள் அந்தச் செய்தியைச் சின்ன வயதில் கேட்டவர்கள். இடிந்த கட்டடங்களைப் பார்த்ததும் இறங்கி நிற்கணும் என்பார்கள். அதற்கு இருபது நிமிடம் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் அவர்களை அவசரப்படுத்த எனக்கு மனசு வந்ததில்லை.

கடைசி நாளில் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் அறை. காலையிலேயே காலி செய்யச் சொல்லிவிட்டால் மாலை ரயில் வரை படுக்க இடமில்லை. 24 பேருக்கும் வேண்டாம். ஐந்தாறு அறைகளை மட்டும் மாலை வரை பிடித்து வைத்தால், பெண்களுக்குச் சில, ஆண்களுக்குச் சில என்று கால் நீட்டிக்கொள்ளலாம். 12.30 சாப்பாடு, 1.30-லிருந்து ஓய்வு, ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் நிலையத்தில். நடைமேடையில் எந்தப் பக்கம் பெட்டி நிற்கும் என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து, அங்கேயே எல்லாரையும் உட்கார வைக்கணும். இரவு உணவைப் பொட்டலமாகக் கட்டி, "7.30-க்குச் சாப்பிடுங்கள்" என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். இரவு மாத்திரையும் காலை மாத்திரையும் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்கணும்.

தாளின் வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறையாமல், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஒரே வரி: "இன்று மொத்த நடை இவ்வளவு, அதிகபட்சம் நிற்பது இவ்வளவு, படுக்கும் ஓய்வு இந்த நேரம்." அடியில் உதவியாளர்கள் இருவரின் எண். நடை திறக்கும், சாத்தும் நேரம் விழா நாளில் மாறும் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கோயில் அலுவலகங்களுக்குப் பேசி உறுதி செய்துவிட்டுத்தான் அச்சடியுங்கள். அதற்கு முன்னால் வரைவைக் குழுவிலேயே வயதில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் எதுவும் விளக்காமல், "நாளைக்கு எத்தனை மணிக்கு என்ன மாத்திரை சாப்பிடுவீர்கள், எங்கே உட்காருவீர்கள்?" என்று கேளுங்கள். தாளைப் பார்த்து அவரால் சொல்ல முடியாத இடம்தான் நீங்கள் திருத்தி எழுத வேண்டிய வரி.